வத்தக்குழம்பை போட்டோ எடுக்க ஒரு ஜன்னலும் ஒரு வேட்டியும்

கேள்வி: "கும்பகோணம் பக்கத்துல இருக்கேன். வீட்டுலயே வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், அதிரசம், தட்டை செஞ்சு வாட்ஸ்அப்புலயும் இன்ஸ்டாகிராம்லயும் விக்கிறேன். ஞாயித்துக்கிழமை இட்லி, கடப்பா ஆர்டரும் உண்டு. வாங்கினவங்க திரும்ப வாங்குறாங்க, ஆனா போட்டோ பாத்துப் புதுசா யாரும் கேக்கல. வத்தக்குழம்பு கரி மாதிரி விழுது, நடுவுல வெள்ளையா பளபளங்குது. அதிரசம், கடப்பா எல்லாம் மஞ்சளடிக்குது. ரிங் லைட் வாங்கலாமா, இல்ல நல்ல கேமரா போன் வாங்கணுமா? ஹால் ஜன்னல் வடக்கு பாத்தது, கிரில் போட்டது."

பதில்:

இரண்டும் வேண்டாம். ரிங் லைட்டை வத்தக்குழம்புக்கு முன்னால் வைத்தால் குழம்பின் எண்ணெயில் ஒரு வெள்ளை வளையம் அப்படியே தெரியும். பார்க்கிறவர் கண் முதலில் அந்த வளையத்துக்குத்தான் போகும். போனை மாற்றினாலும் இதே படம் இன்னும் துல்லியமாக வரும், அவ்வளவுதான். உங்கள் வடக்கு ஜன்னல்தான் இந்த வேலைக்கு வாய்த்த விளக்கு. அதற்கு எந்தப் பக்கம் பாத்திரத்தை வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் விற்பதிலேயே எடுப்பதற்குக் கடினமானது வத்தக்குழம்பு. அது கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அதனால் அதை முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் அது ஏன் கரியாக விழுகிறது என்று பார்ப்போம். வத்தக்குழம்பு ஏற்கெனவே கரும்பழுப்பு. அதன் மேல் நல்லெண்ணெய் பிரிந்து நிற்கிறது. எண்ணெய் படர்ந்த பரப்பு கண்ணாடி போல வேலை செய்யும். தனக்கென்று நிறம் காட்டாமல் எதிரே இருப்பதைக் காட்டும். எதிரே இருட்டான சுவரோ உங்கள் உடம்போ இருந்தால் குழம்பு கறுப்பாகத் தெரிகிறது. எதிரே ட்யூப் லைட் இருந்தால் அந்த ட்யூப் நடுவில் வெள்ளைக் கோடாக விழுகிறது. உங்கள் படத்தில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். எண்ணெயில் எது தெரிய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும். பெரிய, மெல்லிய, வெள்ளையான ஒன்று தெரிந்தால் அது நல்ல எண்ணெய்ப் பளபளப்பாகப் படத்தில் வரும். அப்படி ஒன்றை ஜன்னலில் உண்டாக்கிக்கொள்ளலாம்.

ஒரு பழைய வெள்ளை வேட்டியை எடுத்து, கரை வராத பகுதியை ஒற்றை மடிப்பாக ஜன்னல் கிரில் மேல் கட்டிவிடுங்கள். நன்றாகத் துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டி என்றால் இன்னும் நல்லது. நீலம் போட்ட புது வேட்டி ஒளியைக் கொஞ்சம் நீலமாக்கும். வேட்டி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஜன்னல் முழுவதும் ஒரே சீரான வெள்ளைப் பலகையாகிவிடுகிறது. இன்னொன்று, கிரில் கம்பிகளை மறைத்துவிடுகிறது. வேட்டி இல்லாமல் எடுத்துப் பாருங்கள், குழம்பின் எண்ணெயில் கம்பிக் கோடுகள் வரிவரியாக நிற்கும். சிறிய போன் திரையில் அது கோடு என்று புரியாது, ஏதோ அழுக்கு மிதப்பது போல இருக்கும். ஜன்னலில் பச்சைக் கொசுவலை அடித்திருந்தால் படம் எடுக்கும் நேரத்துக்கு அதைக் கழற்றிவிடுங்கள். வேட்டி பச்சையை வடிகட்டாது.

அடுத்து ஹாலில் இருக்கிற எல்லா விளக்கையும் அணையுங்கள். அதிரசமும் கடப்பாவும் மஞ்சளடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஜன்னல் ஒளி ஒரு நிறம், மஞ்சள் எல்.ஈ.டி. பல்பு வேறு நிறம், வெள்ளை ட்யூப் மூன்றாவது நிறம். ஒரே தட்டில் மூன்றும் விழுந்தால் போன் எதைச் சரி செய்வது என்று தெரியாமல் ஏதோ ஒரு நடுவுக்குப் போய்விடும். பிறகு எந்தச் செயலியில் திருத்தினாலும் இட்லியின் ஒரு பக்கம் சரியாகி, மறுபக்கம் நீலமாகும். பகலில் ஜன்னல் ஒன்று மட்டும் போதும். இருட்டாக இருப்பது போல உங்களுக்குத் தோன்றும். போனுக்கு அது தாராளம். மின்விசிறியையும் நிறுத்துங்கள். கறிவேப்பிலை அசையும், வேட்டி படபடத்தால் ஒளியும் சேர்ந்து அசையும்.

வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊரில் அது முழு உண்மை இல்லை. கும்பகோணம் ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அதன் பிறகு ஆவணி தொடக்கம் வரை உச்சிக்குச் சற்று வடக்கே போய்வரும். அந்த மாதங்களில் நண்பகல் வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக உள்ளே வரும். அப்போதுதான் வேட்டி கட்டாயம். இல்லையென்றால் கிரில் நிழல் தட்டின் மேல் பட்டை பட்டையாக விழும். புரட்டாசி கடைசியிலிருந்து பங்குனி தொடக்கம் வரை உங்கள் ஜன்னலுக்கு வெயிலே வராது, நாள் முழுக்க ஒரே மாதிரி ஒளி. அதில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஒளி மென்மையாக இருக்கும், ஆனால் குறைவாக இருக்கும். அந்த நாட்களில் வேட்டியை எடுத்துவிட்டு, போனை எதன் மேலாவது சாய்த்து வைத்து, 3 வினாடி டைமரில் எடுங்கள். கையில் பிடித்தால் ஆடிவிடும். எந்த மாதமானாலும் காலை 10 மணியிலிருந்து மதியம் 3 மணிக்குள் எடுத்தால் ஒளி அதிகம் மாறாது. சமையல் முடிகிற நேரமும் அதுதான் என்பது வசதி.

இப்போது மேசை. ஜன்னலின் கீழ்விளிம்பு உயரத்துக்கோ அதைவிடக் கொஞ்சம் தாழவோ மேசைப் பரப்பு இருக்கட்டும். ஜன்னலிலிருந்து பாத்திரம் சுமார் 2 அடி தள்ளி இருக்கலாம். ரொம்ப ஒட்டினால் ஜன்னல் பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டுவிடும். 5, 6 அடி தள்ளினால் ஜன்னல் சின்னதாகி நிழலின் ஓரம் கூர்மையாகும், ஒளியும் குறையும்.

மேசையைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குழம்பு, நீங்கள் 6-இல் நிற்கிறீர்கள். பெரும்பாலான பண்டங்களுக்கு ஜன்னல் 9-இல் இருக்கலாம், அதாவது உங்கள் இடக்கைப் பக்கம். எண்ணெய் மிதக்கும் குழம்புக்கு ஜன்னலை 10-க்கும் 11-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். ஜன்னல் நகராது, அதனால் நீங்களும் மேசையும்தான் திரும்ப வேண்டும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரக்கூடாது. அப்படி நின்றால் உங்கள் நிழல் குழம்பில் விழும். விழாவிட்டாலும் படம் தட்டையாக, ரேஷன் கார்டு போட்டோ போல வரும்.

இங்கேதான் நிதானமாக ஒரு சோதனை செய்ய வேண்டும். போன் இருக்கப்போகும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழம்பைப் பாருங்கள். பரப்பு முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தால் ஜன்னல் அப்படியே எண்ணெயில் பிரதிபலிக்கிறது. 11-இலிருந்து 10 பக்கமாகத் திருப்புங்கள், அல்லது போனை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். எங்கும் பளபளப்பே இல்லாமல் கறுப்பாக இருந்தால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள், அல்லது போனைத் தாழ்த்துங்கள். ஜன்னல் பக்க விளிம்போரமாகப் பிறை வடிவில், பரப்பில் ஒரு கால் பாகம் அளவுக்கு ஒளி நின்று, மீதிப் பரப்பில் குழம்பின் சொந்தச் சிவப்புப் பழுப்பு தெரிந்தால் அதுதான் இடம். அரை அங்குல வித்தியாசம்கூட இதில் தெரியும். இதைக் கண்ணால் பார்த்து முடித்த பிறகு போனை எடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே தேடினால் நேரம் போகும், குழம்பில் ஆடை படியும்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், கடிகாரத்தில் 4 இருக்கும் இடத்தில், ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளை சார்ட் பேப்பரை அட்டைப் பெட்டியில் ஒட்டினாலும் சரி. பாத்திரத்திலிருந்து அரை அடி தள்ளி, படத்தில் விழாதபடி இருக்கட்டும். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி, பாத்திரத்தின் இருண்ட பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும். நிழலை முழுக்கக் கொன்றுவிட வேண்டாம். நிழல் இருந்தால்தான் கிண்ணத்துக்கு உருண்டை தெரியும். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நிழலில் இருக்கும் சுண்டைக்காய் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அலுமினியத் தாளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது எண்ணெயில் இன்னொரு பளிச்சென்ற புள்ளியை உண்டாக்கும்.

ஹால் சுவர் என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவில்லை. நம் பக்கத்து வீடுகளில் பச்சையும் ரோஸும் அதிகம், தரை பல வீடுகளில் இன்னும் சிவப்பு ரெட் ஆக்சைடு. இவையெல்லாம் ஒளியைத் தங்கள் நிறத்தோடு திருப்பி அனுப்பும். வத்தக்குழம்பில் தெரியாது, இட்லியிலும் கடப்பாவிலும் உடனே தெரியும். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டால் போதும். எடுக்கிறவர் உடுத்தியிருப்பதும் இதே கணக்குதான். சிவப்புப் புடவையோடு வெள்ளைக் கிண்ணத்தின் மேல் குனிந்தால் கிண்ணம் சிவக்கும்.

பாத்திரத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நம் வீட்டில் வத்தக்குழம்பு கல்சட்டியில் இருக்கும், அதிலேயே எடுக்கத் தோன்றும். கறுப்புக் கல்சட்டியில் கறுப்புக் குழம்பு வைத்தால் எது குழம்பு எது சட்டி என்று பிரியாது. மேலும் கல்சட்டி ஆழமானது. பாதி நிரம்பியிருந்தால் சட்டியின் உட்சுவர் நிழல் குழம்பின் மேல் விழும். எவர்சில்வர் கிண்ணம் இதைவிட மோசம், அதில் ஜன்னல், வேட்டி, போன், உங்கள் முகம் எல்லாம் தெரியும். 4, 5 அங்குல வாயும் ஒன்றரை அங்குல ஆழமும் உள்ள வெளிர்நிறப் பீங்கான் கிண்ணம், அல்லது புளி போட்டுத் தேய்க்காத மங்கிய பித்தளைக் கிண்ணம் எடுங்கள். கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்குப் பஞ்சமில்லை. பளபளப்பேற்றாத பித்தளையின் விளிம்பு மங்கலான பொன்னிறமாக நின்று கரும்பழுப்புக் குழம்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும். என்னைக் கேட்டால் பித்தளைதான். பீங்கான் எந்த ஊர் உணவுக்கும் வரும், பித்தளை நம் வீட்டு உணவு என்று சொல்லாமலே சொல்லும். ஆனால் பித்தளையில் புளிக்குழம்பைப் படம் எடுக்கும் நேரம் மட்டும் வையுங்கள். புளிப்பு பித்தளையோடு சேர்ந்தால் களிம்பேறும், ஈயம் பூசாத பாத்திரம் என்றால் அந்தக் குழம்பைச் சாப்பிடவும் விற்கவும் கூடாது. அதனால் அரைக் கரண்டி அளவு போதும், பிறகு கொட்டிவிடுங்கள்.

அரைக் கரண்டி எப்படி கிண்ணத்தை நிரப்பும் என்றால், கிண்ணத்துக்குள் ஒரு சின்ன மூடியையோ தட்டையான கிண்ணியையோ கவிழ்த்து வைத்து அதன் மேல் ஊற்றலாம். அதில் இன்னொரு லாபம், சுண்டைக்காய் வற்றலும் பூண்டும் அடியில் மூழ்காமல் மேலே பாதி தெரிய நிற்கும். குழம்பு விளிம்புக்கு அரை விரல் கீழே வரை வரட்டும். வற்றலை முன்பக்கம் அடுக்கிவைத்தது போல வரிசையாக வைக்காதீர்கள். மூன்று நான்கு ஒரு பக்கமாக, ஒன்றிரண்டு தள்ளி இருக்கட்டும். வாடிக்கையாளருக்குப் போகும் பாட்டிலில் எத்தனை சுண்டைக்காய் இருக்குமோ அந்த விகிதம்தான் படத்திலும் இருக்க வேண்டும். படத்தில் பத்தும் பாட்டிலில் இரண்டும் இருந்தால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

விளிம்பில் பட்ட குழம்பை ஈரத்துணியின் நுனியால் துடையுங்கள். கண்ணுக்குப் படாத ஒரு சொட்டு படத்தில் அழுக்காகத் தெரியும். கறிவேப்பிலையைக் கடைசியில் தனியாக நெய்யிலோ எண்ணெயிலோ ஒரு நொடி பொரித்து அப்போதே போடுங்கள், தாளிப்பில் போட்டது இதற்குள் கறுத்திருக்கும். ஆறும்போது குழம்பின் மேல் சுருக்கமாக ஆடை படியும், பளபளப்பு போய்விடும். அப்போது ஒரு கரண்டிக் காம்பால் மெல்லக் கலக்கி, கால் தேக்கரண்டி சூடான நல்லெண்ணெயை விளிம்போரம் விடுங்கள். அது குழம்பில் இருக்கிற அதே எண்ணெய்தான், பொய் இல்லை. ஒளியையும் போனையும் சரிபார்ப்பதற்கு முதலில் வெறும் கிண்ணத்தில் புளித்தண்ணீர் ஊற்றிவைத்துப் பழகிக்கொண்டு, எல்லாம் சரியான பிறகு குழம்பை மாற்றினால் அவசரப்பட வேண்டியிருக்காது.

அடியில் விரிப்பதற்குப் பளபளக்கும் எதுவும் வேண்டாம். பழைய மரப்பலகை, மணை, சாயம் மங்கிய காடாத் துணி, கோரைப்பாய் எல்லாம் நன்றாக வரும். டைனிங் டேபிள் கண்ணாடி, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். கிண்ணத்தோடு கூட வைப்பது ஒன்று அல்லது இரண்டு போதும், அவையும் அந்தக் குழம்புக்குச் சேர்மானமாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி சுண்டைக்காய் வற்றல், அல்லது சுட்ட அப்பளம் ஒன்று. மல்லிகைப்பூ, குத்துவிளக்கு, ஏலக்காய், பட்டை என்று பரப்புவது இப்போது எல்லோரும் செய்வது. வத்தக்குழம்பில் போடாத பட்டையை அதன் பக்கத்தில் பார்த்தால் நம் பக்கத்து மாமிகள் அந்தப் படத்தை நம்பமாட்டார்கள்.

இப்போது போன். முதலில் லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் இருந்த போனில் எண்ணெய் விரல்ரேகை இல்லாமல் இருக்காது. ஜன்னல் எதிரே இருக்கும்போது அது படம் முழுக்கப் பனிமூட்டம் போட்டுவிடும். 0.5 என்று இருக்கும் அகல லென்ஸ் வேண்டாம். 1-இல் வைத்து மிக நெருங்கினால் கிண்ணத்தின் முன்விளிம்பு பெரிதாகவும் பின்விளிம்பு சிறிதாகவும் கோணலாகத் தெரியும். இரண்டடி பின்னால் வந்து 2-இல் எடுத்தால் கிண்ணம் அதன் உருவத்தில் இருக்கும். 2-க்கு மேல் இழுக்க வேண்டாம். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். அது கிண்ணத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று சரியாகக் கணிக்காமல் கறிவேப்பிலை நுனியையும் அப்பளத்தின் ஓரத்தையும் பாதியில் கரைத்துவிடும்.

முன்வரிசையில் இருக்கும் சுண்டைக்காயின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுப் படம் வரும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தெரியும், அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இது ஏன் என்றால், போன் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த குழம்பைப் பார்த்தால் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், குழம்பு வெளிறி, எண்ணெய்ப் பிறை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எவ்வளவு இறக்குவது என்பதற்கு அடையாளம் இதுதான்: பிறையில் ஒளி இருக்கிறது, ஆனால் அதன் ஓரம் மெல்லக் கரைந்து பழுப்பாகிறது, வறுத்த மிளகாயின் சிவப்பு குழம்பிலிருந்து பிரிந்து தெரிகிறது. சிவப்பு பிரியவில்லை என்றால் அதிகம் இறக்கிவிட்டீர்கள்.

கோணத்தைப் பொறுத்தவரை, குழம்புக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் பார்க்கும் சாய்வுதான் சரி, மேசையிலிருந்து ஏறக்குறைய 45 பாகை. அதைவிடத் தாழ்ந்தால் கிண்ணத்தின் வெளிச்சுவர்தான் தெரியும். நேர் மேலிருந்து எடுத்தால் எண்ணெய்ப் பிறை மறைந்து, கறுப்பு வட்டம் மட்டும் இருக்கும்.

புளிக்காய்ச்சலுக்கும் இதே முறைதான். அது கெட்டியாக இருப்பதால் ஒரு கரண்டியால் மேற்பரப்பில் சுழித்துவிடுங்கள். அந்தச் சுழிப்பின் மேடுகளில் ஒளி பிடிக்கும், பள்ளங்களில் நிழல் தங்கும்.

அதிரசம் வேறு கதை. அதற்கு உயரம் வேண்டும். நான்கைந்தை அடுக்கி, மேலே இருப்பதை லேசாகச் சாய்த்து, போனை மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரை இறக்கி எடுங்கள். ஜன்னல் 9-இல், வேட்டி கட்டியோ கட்டாமலோ, ஒளி பக்கவாட்டில் உரசிக்கொண்டு போக வேண்டும். மேல்தோலின் வெடிப்பும் சொரசொரப்பும் அந்த உரசலில்தான் தெரியும். எதிர்ப்பக்க அட்டையை இதற்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒன்றைப் பிய்த்து உள்பக்கம் தெரிய முன்னால் வைத்தால் மிருதுவாக இருப்பது சொல்லாமலே புரியும். சுட்ட அன்று எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும், மறுநாள் எடுங்கள். தெளிந்த வானம் உள்ள நாளில் வடக்கு ஜன்னல் ஒளியில் நீலம் கொஞ்சம் இருக்கும், வெல்லத்தின் செம்பழுப்பு அதில் செத்துப்போகும். முதலில் ஒரு வெள்ளைத் தாளை அதிரசத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்நாப்சீட் செயலியில் White Balance என்ற கருவியில் ஒரு சொட்டுக்குழாய்ப் படம் இருக்கும், அதை அந்தத் தாளின் மேல் வைத்தால் தாள் வெள்ளையாகும், அதிரசம் தன் நிறத்துக்கு வரும். அதில் வெப்பத்துக்கு எந்த எண் வந்ததோ அதையே அன்று அதே இடத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் போடுங்கள். அதற்கு மேல் நிறத்தைக் கூட்டாதீர்கள். பிரித்ததும் படத்தில் பார்த்த நிறம் இல்லையென்றால் பண்டம் பழசோ என்று சந்தேகப்படுவார்கள்.

தட்டை வட்டமாக, தட்டையாக இருப்பதால் அதை மட்டும் நேர் மேலிருந்து எடுக்கலாம். கடலைப்பருப்பு துருத்திக்கொண்டு தெரியப் பக்க ஒளி போதும்.

கடப்பாவும் இட்லியும் வத்தக்குழம்புக்கு நேர் எதிர். எல்லாம் வெளிர் நிறம். போன் இதைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இறக்கிவிடும், இட்லி அழுக்குச் சாம்பலாகும். அந்தச் சூரியனை இப்போது மேலே தள்ளுங்கள்; இட்லியின் மேல் உள்ள சின்னச் சின்னத் துளைகள் இன்னும் தெரிகிற வரை தள்ளலாம், துளை மறைந்தால் நிறுத்துங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்த இளமஞ்சள் வெள்ளைத் தட்டில் காணாமல் போகும், வாழையிலையில் எடுப்பாக நிற்கும். இலையை ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர்த் துளி இல்லாமல் உலர்த்துங்கள். படம் முழுக்கப் பச்சையாக இருந்தால் போன் நிறத்தைத் தவறாகக் கணிக்கும், இட்லி மேல் ரோஸ் படியும், அதனால் இலையைச் சுற்றிப் பலகை தெரியும்படி எடுங்கள். நுனி இலை போட்டால் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஜன்னலுக்காக மேசையைச் சுற்றி வந்து எதிர்ப்பக்கம் நின்று எடுக்கும்போது அது தானாக மாறிவிடும். வெளியூர்க்காரர்கள் கவனிக்கமாட்டார்கள், தஞ்சாவூர் ஜில்லாவில் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். படத்தில் நுனி இடக்கைப் பக்கம் இருக்கிறதா என்று அழுத்துவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

ஜன்னலுக்குப் பதிலாக முற்றத்தில் எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். முற்றத்தின் நடுவில் ஒளி மேலிருந்து கொட்டும், கிண்ணத்தின் உட்சுவர் நிழல் குழம்பில் விழும். ஓட்டுக்கூரையின் நிழலுக்குள், தாழ்வாரத்தின் ஓரத்தில் வைத்தால் ஒளி ஒரு பக்கமாக மட்டும் வரும், அது ஜன்னலுக்குச் சமம். வாசல் திண்ணையும் அப்படியே, வெயில் நேரே விழாத நேரத்தில்.

பொட்டலத்தையும் பாட்டிலையும் தனியாக ஒரு படம் எடுங்கள். பிளாஸ்டிக் பையின் சுருக்கமெல்லாம் மின்னும், அதனால் வேட்டியைக் கட்டி, ஜன்னலை 9-இல் வைத்து, பையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து மினுப்பு எழுத்தின் மேலிருந்து விலகும் இடத்தைப் பாருங்கள். எடை, தயாரித்த தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கமும் படிக்க வேண்டும். சாப்பாட்டுப் படத்தின் மேல் விலையும் போன் நம்பரும் பெரிய எழுத்தில் ஏற்றாதீர்கள், அவற்றைக் கீழே எழுதிக்கொள்ளலாம்.

ஒரே படத்தைச் சதுரமாகவும் நீளமாகவும் வெட்ட வேண்டி வரும், அதனால் கிண்ணத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மேலே HD என்று இருப்பதைத் தொட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். முதலில் கெடுவது அதிரசத்தின் சொரசொரப்பும் குழம்பின் பிறை ஓரமும்தான். உங்கள் வாடிக்கையாளர் பலரும் பழைய போனில், வெயிலில் நின்று பார்ப்பார்கள். அனுப்புவதற்கு முன் வீட்டில் இருக்கும் இன்னொரு போனில், திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து ஒருமுறை பாருங்கள். அதிலும் சுண்டைக்காய் தனித்தனியாகத் தெரிந்தால் அனுப்பலாம்.